பள்ளிகளுக்கிடையிலான காற்பந்து மின்விளையாட்டுப் போட்டி: பொறுப்பாசிரியரிடம் கருவிச் செலவுக் கோரிக்கை வைப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இடைநிலைப்பள்ளிக் கணினிக் கழகங்களை நடத்தும் மாணவர்களுக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. எல்லா விளையாட்டுகளையும் எடுத்துக்கொள்ளாமல், பிஎஸ்5 கன்சோலில் இருவர் நேருக்கு நேர் ஆடும் இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி காற்பந்து விளையாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, எட்டுப் பள்ளிகளும் பதினாறு ஆட்டக்காரர்களும் பங்கேற்கும் ஒரு சனிக்கிழமைப் போட்டிக்குக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

"எங்கள் கழகத்தில் போட்டி நடத்த முடிவு செய்துவிட்டோம். டீச்சரிடம் எவ்வளவு பணம் கேட்கலாம்?"

தொகையைக் கடைசியில்தான் எழுத வேண்டும். முதலில் மண்டபம் எத்தனை மணி நேரம் கிடைக்கும், எத்தனை ஆட்டங்கள் நடக்கும் என்பதை எழுதுங்கள். கருவிகளின் எண்ணிக்கை அதிலிருந்து வரும்; எண்ணிக்கையிலிருந்து தொகை வரும். பல கழகங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. "ஆறு கன்சோல் இருந்தால் நன்றாக இருக்கும்" என்று தொடங்கிவிட்டு, "ஏன் ஆறு?" என்று ஆசிரியர் கேட்டதும் பதில் இல்லாமல் நிற்கின்றன.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொறுப்பாசிரியர் உங்கள் கோரிக்கைக்குத் தாமே ஒப்புதல் தந்துவிட முடியாது. அவர் அதைப் புறப்பாடத் துணைத் தலைமையாசிரியரிடமும், அவர் வழியாகத் தலைமையாசிரியரிடமும், பணம் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து வருவதாக இருந்தால் அச்சங்கத்தின் செயற்குழுவிடமும் கொண்டு செல்ல வேண்டும். அந்த அறைகளில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். ஆகவே அங்கே எழக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் அவர் தாளைப் பார்த்தே பதில் சொல்லக்கூடிய வகையில் எழுதிக் கொடுப்பதுதான் உங்கள் வேலை.

"பதினாறு பேர் ஆட எத்தனை கன்சோல் தேவை? ஆளாளுக்கு ஓர் எண்ணிக்கை சொல்கிறார்கள்."

பதினாறு பேரை நான்கு பேர் கொண்ட நான்கு குழுக்களாகப் பிரியுங்கள். ஒரே பள்ளியைச் சேர்ந்த இருவரும் ஒரே குழுவில் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவில் எல்லோரும் எல்லோருடனும் மோதினால் ஆறு ஆட்டங்கள் வரும். நான்கு குழுக்களுக்கு இருபத்து நான்கு. ஒவ்வொரு குழுவிலும் முதல் இருவர் காலிறுதிக்குப் போகிறார்கள். காலிறுதி நான்கு, அரையிறுதி இரண்டு, மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் ஒன்று, இறுதியாட்டம் ஒன்று என மேலும் எட்டு ஆட்டங்கள் உண்டு. ஆக மொத்தம் முப்பத்திரண்டு.

ஒரு பாதிக்கு ஆறு நிமிடம் என்று வைத்தால் ஆட்டம் பன்னிரண்டு நிமிடம் ஓடும். அணியைத் தேர்ந்தெடுப்பது, ஆட்ட வியூகத்தைச் சரி செய்வது, இடையில் நிறுத்துவது, முடிவை எழுதி இருவரிடமும் கையொப்பம் வாங்குவது எல்லாம் சேர்ந்தால் குழு ஆட்டத்துக்கு 20 நிமிடம் ஒதுக்க வேண்டும். வெளியேற்றும் சுற்றில் கூடுதல் நேரமும் பெனால்டியும் வரக்கூடும் என்பதால் 25 நிமிடம் வையுங்கள்.

இப்போது மேசைக்கு ஒரு கன்சோல் என்று மேசைகளை எண்ணுங்கள். இரண்டு கன்சோல் இருந்தால் குழு ஆட்டங்கள் பன்னிரண்டு சுற்றுகளாக 4 மணி நேரம் எடுக்கும். அதன்பின் காலிறுதிக்கு இரண்டு சுற்று, அரையிறுதிக்கு ஒன்று, மூன்றாம் இடத்துக்கும் இறுதிக்கும் சேர்த்து ஒன்று என இன்னும் 100 நிமிடம். மொத்தம் 5 மணி 40 நிமிடம். காலை 8.30க்குத் தொடங்கினால் பிற்பகல் 2.10 ஆகிவிடும். மூன்று இருந்தால் 4 மணி 20 நிமிடத்தில், அதாவது 12.50க்கு முடியும். நான்கு இருந்தால் குழு ஆட்டங்கள் ஆறு சுற்றுகளில் 2 மணி நேரத்தில் முடிந்து, மீதி மூன்று சுற்றுகளுக்கு 75 நிமிடம் போக, 11.45க்கே இறுதியாட்டம் முடிந்திருக்கும்.

மண்டபம் பிற்பகல் ஒரு மணி வரை உங்களுடையது என்றால் நான்கு கன்சோல்தான் சரியான எண்ணிக்கை. ஐந்தாவது ஒன்றை உபரியாகக் கேட்க வேண்டியதில்லை என்பதையும் இதே கணக்கு காட்டுகிறது: காலையிலேயே ஒரு கன்சோல் பழுதாகி மூன்றாகக் குறைந்தாலும் 12.50க்கு ஆட்டங்களை முடித்துவிடலாம். இந்தப் பத்தியை அப்படியே கோரிக்கைத் தாளில் சேருங்கள். ஒரு கன்சோலை ஏன் கேட்கவில்லை என்று நீங்களே எழுதியிருப்பதைப் பார்க்கும் துணைத் தலைமையாசிரியர், நீங்கள் கேட்டிருக்கும் மற்றவற்றை நம்புவார்.

"வாங்கினால் அடுத்த ஆண்டும் பயன்படுமே. ஏன் வாடகைக்கு எடுக்க வேண்டும்?"

ஒரு கன்சோல் 2,300 ரிங்கிட் என்றும் விளையாட்டு வட்டு 250 ரிங்கிட் என்றும் வைத்துக்கொள்வோம். நான்குக்கு 10,200 ரிங்கிட் ஆகிறது. ஆண்டுக்கு ஒரு நாள் நடக்கும் போட்டிக்கு அவ்வளவு பெரிய தொகையை எந்தப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் எளிதில் தராது. தர மறுப்பதில் நியாயமும் இருக்கிறது. அதோடு வாங்கிய பொருள் பள்ளியின் சொத்துப் பதிவேட்டில் ஏறும். அதற்கு எண் ஒட்ட வேண்டும், பூட்டி வைக்க அறை வேண்டும், சோதனைக்கு ஆள் வரும்போது எடுத்துக் காட்ட வேண்டும். அந்தப் பொறுப்பு முழுவதும் உங்கள் ஆசிரியர் தலையில்தான் விழும். நீங்கள் படிவம் ஐந்து முடித்துப் போய்விடுவீர்கள். அவர் அங்கேயேதான் இருப்பார்.

என் கருத்தில், விலை உயர்ந்ததையும் விரைவில் பழையதாகிவிடுவதையும் வாடகைக்கு எடுக்க வேண்டும். விலை குறைந்ததையும் கழகத்தின் வேறு வேலைகளுக்கும் உதவுவதையும் வாங்க வேண்டும். கேபிளும் எக்ஸ்டென்ஷனும் அடுத்த ஆண்டு ரோபோட்டிக்ஸ் கண்காட்சிக்கும் பயன்படும்.

"அப்படியானால் முழுப் பட்டியல் எப்படி இருக்கும்? ஒரு மாதிரி காட்ட முடியுமா?"

கீழே உள்ள விலைகள் கணக்கு எப்படி அமைகிறது என்பதைக் காட்டுவதற்கான மாதிரி விலைகள்தாம். நீங்கள் வாங்கும் விலைப்புள்ளிகளில் உள்ள எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

வாடகை: வட்டும் இரண்டு கண்ட்ரோலரும் எச்டிஎம்ஐ கேபிளும் சேர்ந்த கன்சோல் நான்கு, வெள்ளி மதியம் முதல் சனி மாலை வரை, ஒன்றுக்கு 180 வீதம் 720 ரிங்கிட். கொண்டுவந்து திரும்ப எடுத்துச் செல்ல 60 ரிங்கிட்.

வாங்குவது: உபரிக் கண்ட்ரோலர் இரண்டு, 600 ரிங்கிட். மூன்று மீட்டர் யூஎஸ்பி கேபிள் எட்டு, 160 ரிங்கிட். உபரி எச்டிஎம்ஐ கேபிள் இரண்டு, 40 ரிங்கிட். எக்ஸ்டென்ஷன் நான்கு, 180 ரிங்கிட். பூட்டுடன் கூடிய பெட்டியும் ஒட்டுத்தாள்களும் 80 ரிங்கிட்.

இவற்றின் கூட்டுத்தொகை 1,840 ரிங்கிட். பத்து விழுக்காடு அவசரச் செலவுக்கு 184 சேர்த்தால் 2,024 ரிங்கிட்.

வரவு: கழக நிதியிலிருந்து 500; பள்ளிக்கு 50 வீதம் பங்கேற்புக் கட்டணம் 400; மீதி 1,124 ரிங்கிட்டைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கேட்கிறீர்கள். இரண்டு பள்ளிகள் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டால் நூறு ரிங்கிட் குறையும். அதை அவசரச் செலவு ஒதுக்கீடு தாங்கும். இதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். கட்டணம் வசூலிப்பதற்குத் தலைமையாசிரியரின் ஒப்புதல் தனியாக வேண்டும். அது வருவதற்கு முன் எந்தப் பள்ளிக்கும் தொகையைக் குறிப்பிட்டுக் கடிதம் அனுப்பாதீர்கள். விளையாட்டை வெளியிடும் நிறுவனங்கள் பொதுவாகப் போட்டி நடத்துவோருக்கென்று கட்டணம், பரிசு ஆகியவை பற்றி விதிமுறைகள் வைத்திருக்கும். அவற்றைப் படித்து அச்சிட்டுத் தாளுடன் இணைப்பது நல்லது.

"வாடகைக் கடையில் டெபாசிட் கேட்கிறார்கள். அதைச் செலவில் சேர்க்கலாமா?"

சேர்க்கக்கூடாது, ஆனால் மறைக்கவும் கூடாது. திரும்பி வரும் பணம் செலவாகாது. இருந்தாலும் வெள்ளிக்கிழமை கன்சோலை எடுக்கும்போது அது யாருடைய கையிலாவது இருந்தாக வேண்டும். டெபாசிட் 500 ரிங்கிட் என்றால், "மொத்தச் செலவு 2,024, போட்டிக்கு முன் கையில் இருக்க வேண்டிய தொகை 2,524, இதில் 500 திங்கட்கிழமைக்குள் திரும்பும்" என்று தனி வரியாக எழுதுங்கள்.

இதை எழுதாத இடங்களில் கடைசியில் ஆசிரியர் தம் சொந்தப் பணத்தைப் போடுகிறார். மாத இறுதியில் அப்படி ஒரு நிலைக்கு அவரை ஆளாக்குவது சரியல்ல. டெபாசிட்டிலிருந்து எதற்கெல்லாம் பிடிப்பார்கள், கண்ட்ரோலர் பழுதானால் எவ்வளவு, வட்டில் கீறல் விழுந்தால் எவ்வளவு என்பதையும் விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

"விலைப்புள்ளி எங்கே வாங்குவது? இணையத்தில் பார்த்த விலையைப் படம் பிடித்துக் கொடுத்தால் போதாதா?"

போதாது. இணைய விலை நாளை மாறிவிடும். அதில் கடையின் முத்திரையும் இருக்காது. கோலாலம்பூரில் இருப்பவர்கள் புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோ யாட் பிளாசாவுக்கும், பினாங்கில் இருப்பவர்கள் ஜார்ஜ்டவுனில் உள்ள பிராங்கின் மாலுக்கும் ஒருமுறை நேரில் போய், பள்ளியின் பெயருக்கு எழுதப்பட்ட விலைப்புள்ளியை மூன்று கடைகளில் கேளுங்கள். மூன்றிலும் ஒரே பொருள், ஒரே எண்ணிக்கை, ஒரே நாட்கள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. வரி சேர்ந்த விலையா என்பதையும், இத்தொகை எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் கடைக்காரரை எழுதச் சொல்லுங்கள். பள்ளியில் ஒப்புதல் கிடைக்கச் சில வாரங்கள் ஆகலாம்; ஏழு நாளில் காலாவதியாகும் விலைப்புள்ளியால் பயனில்லை.

கேபிள்களை வெளிநாட்டு விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்க நினைப்பவர்கள், 2024 ஜனவரி 1 முதல் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத இறக்குமதிப் பொருள்களுக்கும் பத்து விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

"எட்டு யூஎஸ்பி கேபிள் எதற்கு? கண்ட்ரோலர் கம்பியில்லாமல் வேலை செய்யுமே என்று டீச்சர் கேட்கிறார்."

அவர் கேட்பது நியாயமான கேள்வி. வீட்டில் ஒரே கன்சோல் இருப்பதால் அங்கே சிக்கல் வருவதில்லை. மண்டபத்தில் நான்கு கன்சோலும் பத்துக் கண்ட்ரோலரும் அருகருகே இருக்கின்றன. ஒவ்வொரு கண்ட்ரோலரும் தான் கடைசியாக இணைந்த கன்சோலை நினைவில் வைத்திருக்கும். காலையில் இரண்டாம் மேசையில் இருந்த கண்ட்ரோலரை யாரோ எடுத்து நான்காம் மேசையில் வைத்துவிடுகிறார்கள். நான்காம் மேசையில் உட்காரும் மாணவன் நடுவில் உள்ள பொத்தானை அழுத்துகிறான். அவன் திரையில் எதுவும் நடக்கவில்லை. இரண்டாம் மேசையிலோ, கோல் அடிக்கக் காலைத் தூக்கும் நேரத்தில், புதிய கண்ட்ரோலர் இணைந்தது என்ற அறிவிப்பு திரையில் வந்து விழுகிறது. அந்த ஆட்டத்தை மறுபடி ஆடுவதா வேண்டாமா என்ற வாக்குவாதத்தில் கால்மணி நேரம் போய்விடும்.

அதனால் ஒரு மேசைக்கு இரண்டு என எட்டுக் கண்ட்ரோலர்களையும் நாள் முழுவதும் கேபிளில் கட்டி வைக்க வேண்டும். கேபிளைச் செருகினால் மட்டும் போதாது. ஒவ்வொரு கன்சோலிலும் இந்த அமைப்பை மாற்ற வேண்டும்:

```
Settings > Accessories > Controller (General) > Communication Method > Use USB Cable
```

கேபிள் வாங்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். மின்னூட்டம் மட்டும் செய்யும் கேபிளால் பயனில்லை, தரவும் கடத்த வேண்டும். ஒரு முனை வழக்கமான பட்டை யூஎஸ்பியாகவும் மறுமுனை டைப் சியாகவும் இருக்கட்டும். கன்சோலின் முன்பக்கத் துளைகள் மாடலுக்கு மாடல் மாறினாலும், பின்பக்கத்தில் இரண்டு பட்டைத் துளைகள் இருக்கும். கடையிலிருந்து வந்த அன்றே ஒவ்வொரு கேபிளையும் சோதித்துவிடுங்கள்: அமைப்பை மாற்றிய பிறகும் கண்ட்ரோலர் மின்னூட்டம் பெறுகிறதே தவிர ஆட்டத்துக்கு அசையவில்லை என்றால் அது மின்னூட்டக் கேபிள்தான்.

மாணவர்கள் சொந்தக் கண்ட்ரோலர் கொண்டுவர அனுமதி கேட்பார்கள். நான் அனுமதிக்க மாட்டேன். மேலே சொன்ன இணைப்புச் சிக்கல் ஒரு காரணம். கூடுதல் பொத்தான் வைத்த விலை உயர்ந்த கண்ட்ரோலர் வைத்திருப்பவருக்கு மட்டும் வசதி கிடைக்கக்கூடாது என்பது இன்னொரு காரணம்.

"உபரிக் கண்ட்ரோலருக்கே 600 ரிங்கிட்டா? அதை வெட்டிவிடலாமா?"

பட்டியலில் எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள். வாடகைக்கு வரும் பொருள்களில் முதலில் கெடுவது கண்ட்ரோலரின் விரல் குச்சிதான். யாரும் தொடாதபோதே திரையில் உள்ள ஆட்டக்காரர் ஒரு பக்கமாக மெல்ல நகர்ந்தால், அல்லது மெனுவில் தேர்வு தானாகவே ஓடினால், குச்சி தேய்ந்துவிட்டது என்று பொருள். வெள்ளிக்கிழமை எட்டையும் மேசையில் கிடத்திவிட்டு, கை வைக்காமல் ஒரு நிமிடம் திரையைப் பாருங்கள். கெட்டுப்போனது எது என்று தெரிந்துவிடும். சனிக்கிழமை காலை தெரியவந்தால், உபரி இல்லாத நிலையில் ஒரு மேசையே நின்றுபோகும்.

"திரைக்கு என்ன செய்வது? பட்டியலில் மானிட்டரையே காணோம்."

பள்ளிக் கணினிக் கூடத்தில் உள்ளதைப் பயன்படுத்தலாம் என்று வைத்திருக்கிறேன். ஆனால் கோரிக்கை எழுதுவதற்கு முன் அவற்றின் பின்பக்கத்தை நேரில் பாருங்கள். எச்டிஎம்ஐ துளை இருந்தால் போதும்; பழைய நீல நிற விஜிஏ துளை மட்டும் இருந்தால் அந்தத் திரையை விட்டுவிடுங்கள். இடையில் அடாப்டர் ஒன்றைப் போட்டு ஒப்பேற்றுவது போட்டி நாளில் கழுத்தை அறுக்கும். நான்கும் ஒரே மாடலாக இருக்கட்டும். ஒரு மேசையில் மானிட்டரும் இன்னொரு மேசையில் பெரிய தொலைக்காட்சியும் வைத்தால், பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் உதைப்பதற்கும் இடையிலான தாமதம் மேசைக்கு மேசை வேறுபடும். நல்ல ஆட்டக்காரர்கள் அதை உடனே உணர்ந்து முறையிடுவார்கள். தொலைக்காட்சிதான் கிடைக்கிறது என்றால் நான்கையும் கேம் மோடுக்கு மாற்றுங்கள்.

கேமிங் நாற்காலி, விளக்கு எரியும் ஹெட்செட் ஆகியவற்றைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். இந்த விளையாட்டில் ஒலியைக் கேட்டு எதிரியின் இடத்தை அறிய வேண்டிய தேவை இல்லை. ஒரு நாற்காலி முழுத் தாளையும் ஆடம்பரமாகக் காட்டிவிடும்.

"பள்ளி மண்டபத்தின் மின்சாரம் தாங்குமா?"

தாங்கும். பிஎஸ்5 முதல் மாடலின் உச்ச அளவு 350 வாட். நான்குக்கு 1,400, மானிட்டர்களுக்கு 160 சேர்த்தாலும் 1,600 வாட்டுக்குள் அடங்கும். பதிமூன்று ஆம்பியர் பிளக் ஒன்றே ஏறக்குறைய 3,000 வாட் தாங்கக்கூடியது. அப்படியிருந்தும் இரண்டு சுவர்களிலிருந்து பிரித்து எடுங்கள், ஒலிபெருக்கிக்கும் தண்ணீர் கொதிகலனுக்கும் வேறு பிளக் கொடுங்கள், ஓர் எக்ஸ்டென்ஷனில் இன்னோர் எக்ஸ்டென்ஷனைச் செருகாதீர்கள். சிரிம் முத்திரை உள்ளதை மட்டும் வாங்குங்கள்.

"இணையம் மோசமாக இருக்கிறது. அதற்கும் பணம் கேட்க வேண்டுமா?"

வேண்டியதில்லை. ஒரே கன்சோலில் இருவர் ஆடும் முறைக்கு இணையம் தேவைப்படாது. இந்த விளையாட்டைத் தேர்ந்தெடுத்ததன் பெரிய நன்மை அதுதான். ஆனால் நான்கு கன்சோலிலும் விளையாட்டின் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். வாடகைக்கு விடுபவரிடமே புதுப்பித்துக் கொடுக்கச் சொல்லி விலைப்புள்ளியில் எழுதி வாங்குங்கள். வந்தபின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். வட்டு நான்கு என்பதிலும் கவனமாக இருங்கள்: ஒரே வட்டை நான்கு கன்சோலுக்கு மாற்றி மாற்றிப் போட முடியாது, வட்டு செருகும் இடமே இல்லாத டிஜிட்டல் மாடலைத் தந்துவிட்டால் வட்டு இருந்தும் பயனில்லை.

"விளையாட்டு என்றாலே சூதாட்டம், வன்முறை என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சொல்வார்களாம். டீச்சர் தயங்குகிறார்."

அவர்களுடைய கவலையை அலட்சியம் செய்யாமல் நேராக எழுதுங்கள். 2023ஆம் ஆண்டு வரை ஃபிஃபா என்ற பெயரில் வந்து, பின்னர் இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்று பெயர் மாறிய இவ்விளையாட்டின் எஃப்சி 24, எஃப்சி 25 பதிப்புகளுக்கு ஐரோப்பிய வயது மதிப்பீடு 3. வன்முறை பற்றிய கேள்விக்கு அது விடையாகும். சூதாட்டம் பற்றிய அச்சத்துக்கோ உண்மையான காரணம் இருக்கிறது: அல்டிமேட் டீம் என்ற பகுதியில் என்ன ஆட்டக்காரர் கிடைப்பார் என்று தெரியாமலே பொதிகளைப் பணம் கொடுத்து வாங்க முடியும். "இப்போட்டியில் அப்பகுதி திறக்கப்படாது; கிக் ஆஃப் முறையில் மட்டுமே ஆடுவோம்; எந்தக் கன்சோலிலும் பணம் செலுத்தும் கணக்கு இருக்காது; இணையமும் துண்டிக்கப்பட்டிருக்கும்" என்று எழுதினால் செயற்குழுவில் ஆசிரியர் தயங்காமல் பேசலாம். மாணவர்கள் கைப்பேசி கொண்டுவரத் தேவையில்லை என்பதையும் சேருங்கள். பள்ளியில் கைப்பேசிக்குக் கட்டுப்பாடு இருப்பதால் இது கூடுதல் பலம்.

"தாளை எந்த வரிசையில் எழுதுவது?"

பள்ளியில் வழக்கமாகப் பயன்படுத்தும் கெர்த்தாஸ் கெர்ஜா வடிவத்திலேயே, மலாய்மொழியில் எழுதுங்கள். சென்ற ஆண்டு ஒப்புதல் பெற்ற ஒன்றை ஆசிரியரிடம் கேட்டு அதன் தலைப்புகளைப் பின்பற்றலாம். நோக்கம், நாள், இடம், பங்கேற்போர், செயற்குழு, நிகழ்ச்சி நிரல், வரவு செலவு என்பவை வழக்கமாக இருக்கும். மேசைக் கணக்கை நிகழ்ச்சி நிரலுக்குக் கீழேயும், மூன்று விலைப்புள்ளிகளை இணைப்பாகவும் வையுங்கள். எஸ்பிஎம் மாதிரித் தேர்வுக்கு நெருக்கமான தேதியைத் தவிர்த்துவிடுங்கள்.

"ஒப்புதல் கிடைத்தது, ஆனால் 1,124க்குப் பதிலாக 800 ரிங்கிட்தான் தருகிறார்களாம். என்ன செய்வது?"

குறைவது 324 ரிங்கிட். அவசரச் செலவுத் தொகையில் கை வைக்காதீர்கள். உபரிக் கண்ட்ரோலர் இரண்டில் ஒன்றை வாங்கி, மற்றொன்றைப் போட்டி நாளுக்கு மட்டும் கழக உறுப்பினர் ஒருவரிடம் பெற்றோர் கையொப்பத்துடன் இரவல் பெற்றால் 300 மிச்சமாகும். உபரி எச்டிஎம்ஐ கேபிள் இரண்டையும் கணினிக் கூடத்திலிருந்து எடுத்துக்கொண்டால் இன்னும் 40. புதிய பட்டியல் 1,500 ரிங்கிட்; பத்து விழுக்காடு 150 சேர்த்து 1,650; வரவு 500, 400, 800 என 1,700. மீதமுள்ள ஐம்பது, ஒரு பள்ளி விலகினால் குறையும் கட்டணத்துக்குச் சரியாக இருக்கும். திருத்திய கணக்கைப் புதிய தேதியிட்டு அச்சடித்து, பழைய தாளை மேலே இணைக்காமல் தனியாகக் கொடுங்கள். எது இறுதியானது என்ற குழப்பம் கணக்கு ஒப்படைக்கும் நாளில் ஆசிரியருக்கு வரக்கூடாது.